வாழ்த்தின் கடைசி வரி

இப்போது பிறந்தநாள் வாழ்த்துகள் பெரும்பாலும் வட்ஸ்அப்பில்தான் வருகின்றன. செய்தியைத் திறக்கும் முன்பே அனுப்பியவரின் பெயர் மேலே தெரிந்துவிடும். அப்படியிருந்தும் நாம் கடைசியில் "இப்படிக்கு" என்று எழுதிப் பெயரையும் போடுகிறோம். கடிதத்தில் அது தேவைப்பட்டது. கையெழுத்து இல்லாவிட்டால் யார் எழுதினார் என்று தெரியாது. தொலைபேசியில் அந்த வேலை முடிந்துபோனது. ஆகவே கடைசி வரிக்கு இப்போது மிஞ்சியிருப்பது ஒரே வேலைதான். வாசித்தவர் திரையை மூடிய பிறகும் மனதில் நிற்கப்போவதை அது சொல்ல வேண்டும். "இப்படிக்கு" அதைச் செய்யாது. பாடசாலையில் அதிபருக்கு விடுமுறை கேட்டு எழுதும் விண்ணப்பத்தின் வாசனைதான் அதில் வருகிறது.

என் உம்மம்மாவின் காலத்தில் வாழ்த்து முடிந்த விதம் வேறு. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்குத் தபாலட்டையில் எழுதி அனுப்புவார்களாம். அறிவிப்பாளர் பிள்ளையின் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு, வாழ்த்துகிறவர்கள் ஒவ்வொருவரையும் வாசிப்பார். வீரகேசரி, தினகரன் போன்ற பத்திரிகைகளில் படத்தோடு வந்த வாழ்த்துகளும் அப்படித்தான். வாப்பா, உம்மா, மாமா, மாமி, சாச்சா, சாச்சி என்று நீண்டு, "ஆகியோர் வாழ்த்துகின்றனர்" என்று முடியும். வாழ்த்தின் வாசகம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அந்தப் பெயர் வரிசை அந்தப் பிள்ளைக்கு மட்டும் உரியது. தன் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் அது கேட்டுக்கொண்ட செய்தி. யாருடைய பெயராவது விடுபட்டால் வீட்டில் மனத்தாங்கல் வந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இனி இலக்கண வகுப்பில் படித்த ஒன்றுக்கு வருகிறேன். வியங்கோள் வினைமுற்று என்றதும் க, இய, இயர் என்ற விகுதிகளை மனப்பாடம் செய்கிறோம். வாழ்க, வாழிய, வாழியர். வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் ஆகிய பொருள்களில் இது வரும். வாழ்க என்பதும் ஒழிக என்பதும் ஒரே அச்சில் வார்த்தவை என்பது எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. "உங்களை வாழ்த்துகிறேன்" என்று முடித்தால் கடைசிச் சொல்லில் நிற்பது நான். 'ஏன்' என்ற விகுதியே என்னைக் காட்டுகிறது. "நீடூழி வாழ்க" என்று முடித்தால் நான் விலகிவிடுகிறேன், வாழப்போகிறவர் நிற்கிறார். எங்கள் வீடுகளில் பேசும் தமிழில் இதற்கு மூன்றாவது வழியும் உண்டு. "அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தருவானாக." தருவான் என்ற எதிர்கால முற்றோடு ஆக சேர்ந்து அது வேண்டுதலாகிறது. இங்கே தருகிறவன் இறைவன், பெறுகிறவர் நம் அன்புக்குரியவர், எழுதியவர் கேட்பவராக மட்டும் இருக்கிறார். பிறந்தநாளைக் கொண்டாட வேண்டாம் என்று இருக்கும் வீடுகளிலும் இந்த ஒரு வரிக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

இந்த வடிவத்தின் அருமை பெரியவர்களுக்கு எழுதும்போதுதான் தெரியும். சிறியவர் பெரியவரை வாழ்த்தலாமா என்ற தயக்கம் தமிழில் பழையது. தமிழ்நாட்டில் தலைவர்களின் பிறந்தநாள் சுவரொட்டிகளில் "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்" என்று போடுவார்கள். அது இப்போது எங்கள் தொலைபேசிகளுக்கும் வந்துவிட்டது. மாணவி ஒருத்தி தன் ஆசிரியைக்கு அதை அப்படியே அனுப்பியதைப் பார்த்தேன். நல்ல எண்ணம்தான். ஆனால் வணக்கம் படைத்தவனுக்கு மட்டுமே என்று படித்து வளர்ந்த ஒருவருக்கு அந்தக் கடைசிச் சொல் உறுத்தும். அன்பாக வந்த வாழ்த்து ஒரு சங்கடத்தோடு முடியும். துஆ கேட்பதற்கு வயது வரம்பு இல்லை. பத்து வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பெரியவருக்காகக் கேட்கலாம். "நீங்கள் கற்றுத்தந்ததற்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக" என்பதில் மரியாதையும் இருக்கிறது, தயக்கமும் தீர்கிறது.

ஆனாலும் இந்த வரியைப் பழக்கத்தினால் எழுதினால் அதுவும் வெறும் முத்திரையாகிவிடும். சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பெயரைக் கையால் மறைத்துவிட்டு முடிவை வாசியுங்கள். இதே முடிவை வேறு நான்கு பேருக்கும் அனுப்பலாம் என்றால், வாசிப்பவர் மனதில் அது தங்காது.

லுணுகலையில் எங்கள் வீட்டைப் போலப் பல வீடுகளில் உம்மா வெளிநாட்டில் வேலை செய்கிறார். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் என் வகுப்புத் தோழிகள் சிலரின் வீடுகளிலும் இதே நிலைதான். இத்தகைய தாய்க்கு எழுதும்போது கடைசி வரியின் பாரம் கூடுகிறது. அவர் அதை வேலைக்கு நடுவில் வாசிப்பார். பிறகு இரவு வரைக்கும் மறுபடி தொலைபேசியைத் தொட முடியாது. இடையில் அந்த நாள் முழுவதும் அவரோடு இருக்கப்போவது அந்த வரிதான்.

உம்மாவின் பிறந்தநாளுக்கு என் தம்பி முதலில் எழுதியது இது:

"உம்மா, பிறந்தநாள் வாழ்த்துகள். நான் கணிதத்தில் எழுபத்தெட்டு எடுத்தேன். நீங்க நட்ட கறிவேப்பிலை இப்ப என்ட தோள் உயரம். அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தருவானாக. நீங்க இல்லாம வீடு வெறிச்சோடிக் கிடக்குது. எப்ப வாறீங்க?"

இதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் முடிவது கேள்வியில். ஒப்பந்தம் முடியாமல் வர முடியாத ஒருவரிடம் "எப்ப வாறீங்க?" என்று கேட்டால், பதில் இல்லாத கேள்வியோடு அவர் அந்த நாளைக் கழிக்க வேண்டும். ஏக்கத்தை அழித்துவிடு என்று நான் தம்பியிடம் சொல்லவில்லை. அது உண்மை, உம்மாவுக்கும் அது தெரிய வேண்டும். இடத்தை மட்டும் மாற்றினோம். ஏக்கம் நடுவுக்குப் போனது, துஆ அதன் பின்னால் வந்தது, கறிவேப்பிலை கடைசிக்கு வந்தது:

"உம்மா, பிறந்தநாள் வாழ்த்துகள். நீங்க இல்லாம வீடு வெறிச்சோடிக் கிடக்குது. நான் கணிதத்தில் எழுபத்தெட்டு எடுத்தேன். அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தருவானாக. நீங்க நட்ட கறிவேப்பிலை இப்ப என்ட தோள் உயரம். நான்தான் தண்ணி ஊத்துறேன். உங்கட மகன்."

"எப்ப வாறீங்க?" மட்டும் போனது. மற்றச் சொற்களெல்லாம் அவனுடையவை, தண்ணீர் ஊற்றும் வரியை அவனே சேர்த்தான். உம்மா நட்டது வளர்கிறது, ஒருவன் அதைப் பார்த்துக்கொள்கிறான். வேலை செய்துகொண்டே நினைத்துப் பார்க்க அவருக்கு ஒரு பொருள் கிடைக்கிறது. அன்றிரவு உம்மா அனுப்பிய குரல் பதிவில் கணிதப் புள்ளியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மரத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பச் சொன்னார். தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

"உங்கட மகன்" என்ற முடிவில் பெயர் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். உறவுச் சொல் நெருக்கத்தைச் சொல்கிறது, பெயரைத்தான் திரை காட்டிவிட்டதே. ஆனால் உறவுச் சொல்லில் கையெழுத்திடும்போது வாசிப்பவரின் வீட்டு வழக்கையும் பார்க்க வேண்டும். நம்மில் மூத்த சகோதரியைத் தாத்தா என்போம். தோட்டத்துத் தோழிகளின் வீடுகளில் தாத்தா என்றால் பாட்டனார். என்னிடம் பாடம் கேட்க வரும் ஒரு தோழியின் தங்கைக்கு "என்றும் அன்புடன், உன் தாத்தா" என்று வாழ்த்து அட்டையில் எழுதினால், அந்தச் சின்னப் பெண் யாரை நினைத்துக்கொள்வாள்? அவளுக்கு நான் "அக்கா" என்றுதான் எழுதுகிறேன்.