கல்லாப் பக்கத்தில் ஒரு ஸ்டாண்டு: எங்கே வைப்பது, எப்படிச் செய்வது?



மளிகைக் கடைக்கு அரிசி, எண்ணெய் வாங்கப் போறோம். பில் போடுற இடத்தில் நிற்கும்போது கண்ணில் ஒரு கடலை மிட்டாய் படுது. "இதையும் சேர்த்துப் போடுங்கண்ணா" என்று எடுத்து வைக்கிறோம். அதை வாங்கணும்னு நினைச்சு யாரும் வீட்டிலிருந்து கிளம்பலை. ஆனாலும் வாங்கிட்டோம். கல்லா பக்கத்தில் வைக்கும் சரக்கு முழுக்க இந்த ஒரு நிமிஷத்தை நம்பித்தான் விற்கிறது. நம் குழுக்கள் செய்யும் கடலை மிட்டாயையும் எள்ளுருண்டையையும் ஓசூர் பக்கத்துக் கடைகளில் அந்த இடத்தில் வைக்க ஒரு ஸ்டாண்டு செய்தோம். முதல் தடவை தோற்றுப்போனோம். அதிலிருந்தே சொல்கிறோம்.

முதல் ஸ்டாண்டு இரும்புக் கம்பியில் செய்தது. இரண்டடி உயரம், சுற்றிவிட்டால் சுழலும். அழகாத்தான் இருந்தது. குழுவில் செய்யும் எல்லாப் பொருளும் அதில் இருக்கணும் என்று ஆசைப்பட்டு ஊறுகாய், அப்பளம், மெழுகுவர்த்தி, பினாயில் வரைக்கும் மாட்டினோம். ஒரு கடைக்காரர் இடம் கொடுத்தார். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் ஸ்டாண்டு மேசைக்கு அடியில் கிடந்தது. நமக்குக் கோபம். அவர் பொறுமையாகச் சொன்னார்: "உங்க ஸ்டாண்டுக்குப் பின்னாடி உட்கார்ந்தா வர்ற ஆளோட முகமே தெரியலைம்மா. மிட்டாயெல்லாம் பினாயில் வாசம் அடிக்குது. அப்பளம் வாங்கறவங்க உள்ளே அலமாரியிலயே எடுத்துடறாங்க."

மூணும் நியாயம்தான். நாம் நம் சரக்கைப் பார்த்து ஸ்டாண்டு செய்தோமே தவிர, அவருடைய மேசையைப் பார்க்கவில்லை.

அதனால் இரண்டாவது தடவை தச்சரிடம் போகும் முன்னாலேயே கடைக்குப் போனோம். சிப்காட் கம்பெனிகளில் பகல் ஷிப்ட் முடிந்து கூட்டம் வரும் நேரத்தில், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒரு ஓரமாக இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்தோம். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண் பிள்ளைகள், குடும்பத்தோடு வருபவர்கள், அத்திப்பள்ளி பக்கமிருந்து வந்து போகிறவர்கள் என்று பல பேர். நாம் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். பில் போடும் நேரத்தில் அவர்கள் கை என்ன செய்யுது?

இங்கேதான் ஒரு பெரிய மாற்றம் கண்ணில் பட்டது. முன்பெல்லாம் காசு கொடுத்து மீதி வாங்குவோம். சில்லறை இல்லாவிட்டால் கடைக்காரர் ஒரு மிட்டாயை எடுத்துக் கொடுப்பார், அல்லது நாமே "அந்த அஞ்சு ரூபாய்க்கு ஏதாவது குடுங்க" என்போம். அதனால் மீதி வாங்கும் இடத்தில், அதாவது மேசையின் வெளியே போகும் ஓரத்தில் சரக்கு இருந்தால் விற்றது. மிட்டாய் பாட்டில்கள் கல்லாவை ஒட்டியே இருந்ததற்கு இது ஒரு காரணம். இப்போது நிறைய பேர் போனில் ஸ்கேன் செய்கிறார்கள். 347 ரூபாய் என்றால் 347 தான் போகிறது. மீதிக் காசு கிடையாது. ஸ்கேன் அட்டை பக்கம் போனைத் திருப்பிவிட்டால் அதற்குப் பிறகு ஒருவரும் மிட்டாயைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் "திரும்ப ஒரு தடவை ஸ்கேன் பண்ணணுமா" என்று விட்டுவிடுகிறார்கள்.

அப்படியானால் ஸ்டாண்டு இருக்க வேண்டிய இடம், பில் மொத்தம் போடுவதற்கு முந்தைய இடம். முன்னால் இருப்பவருக்குப் பில் ஓடும்போது அடுத்தவர் கூடையோடு நிற்பாரே, அந்தப் பக்கம். அவருக்கு அப்போது வேலை இல்லை, கண் சும்மா இருக்கிறது. கை நீட்டினால் எட்டணும். அதாவது மேசையின் உள்ளே வரும் ஓரம். ஸ்கேன் அட்டைக்கும் தராசுக்கும் அந்தப் பக்கம் போகக்கூடாது. சின்னப் பெட்டிக்கடையில் வரிசை கிடையாது. சுற்றி நின்றுதான் வாங்குவார்கள். அங்கே இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே சாமான் எடுத்து வைக்கும் இடத்துக்கு நேர் எதிரே வைத்தால் போதும்.

இடம் தெரிந்த பிறகு இஞ்ச் டேப்பை எடுத்தோம். அந்த மேசை தரையிலிருந்து 33 இஞ்ச். பில் போடுபவர் உட்கார்ந்தால் அவர் கண் சுமார் 48 இஞ்சில் இருந்தது. வித்தியாசம் 15. ஸ்டாண்டு அதற்கு மேல் போனால் மறுபடியும் மேசைக்கு அடியில்தான் போகும். நாங்கள் 12 இஞ்சோடு நிறுத்திக்கொண்டோம். அகலம் 11 இஞ்ச், ஆழம் 11 இஞ்ச். அவ்வளவு இடம் கொடுக்கவே அவர் யோசித்தார். உங்கள் கடை மேசை வேறு அளவாக இருக்கும், அதனால் இந்த எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். பில் போடுபவரை உட்கார வைத்து அளந்து பாருங்கள்.

இப்போது ஸ்டாண்டின் அமைப்பு. இரண்டு தட்டு, ஒன்றின் மேல் ஒன்று. ஒவ்வொரு தட்டும் 8 இஞ்ச் நீளம். மேல் தட்டை 3 இஞ்ச் பின்னால் தள்ளி வைத்தோம். நேராக மேலே வைத்தால், நிற்கும் ஆளுக்குக் கீழ்த் தட்டு தெரியாது. தட்டு சமமாக இல்லாமல் முன்பக்கம் சரிந்திருக்கும். பின் ஓரம் முன் ஓரத்தைவிட 2 இஞ்ச் உயரம். முன்னால் ஒரு இஞ்ச் தடுப்புப் பட்டை. நம் பாக்கெட் 4 இஞ்ச் உயரம் என்பதால் பட்டைக்கு மேல் 3 இஞ்ச் தெரியுது. தடுப்பை இரண்டு இஞ்ச் வைத்த ஒரு குழுவில் பாதி பாக்கெட் மறைந்துபோய், உள்ளே என்ன இருக்குன்னு ஆட்கள் குனிஞ்சு பார்த்தார்களாம். குனிஞ்சு பார்க்க வைத்தால் வியாபாரம் நடக்காது.

ஒவ்வொரு தட்டையும் மெல்லிய பலகையால் மூன்று பாதையாகப் பிரித்தோம். ஒரு பாதையில் பாக்கெட்டை நிறுத்தி அடுக்கினால் பத்து நிற்கும். மொத்தம் அறுபது பாக்கெட்.

பின்பக்கம் திறந்தே இருக்கட்டும் என்று தச்சரிடம் சொன்னோம். அவர் "பின்னாடி பலகை அடிக்க மறந்துட்டீங்களா அக்கா?" என்று கேட்டார். மறக்கலை. புதுச் சரக்கைப் பின்னாலிருந்து வைத்துத் தள்ளினால் பழசு முன்னால் வரும், முதலில் விற்கும். முன்பக்கமாகவே நிரப்பினால் பழைய பாக்கெட் அடியில் தங்கி நமுத்துப்போகும். ஒருவர் நமுத்த மிட்டாய் வாங்கிவிட்டால் அந்தக் கடையில் நம் பாக்கெட்டை மறுபடி தொடமாட்டார். மைக்கா ஒட்டிய பலகையாக இருந்தால் பாக்கெட் வழுக்கி வரும். வெறும் பிளைவுட்டில் அது தானாக வராது, கடைக்காரர் பின்னாலிருந்து விரலால் தள்ளணும்.

அட்டையில் செய்யலாமா என்று கேட்பீர்கள். செலவு குறைவு. ஆனால் பில் மேசையில் ஈரக் கை, எண்ணெய் பாக்கெட், தண்ணீர் பாட்டில் எல்லாம் வைப்பார்கள். மழைக்காலத்தில் அட்டையின் அடிப்பாகம் ஊறி உட்கார்ந்துவிடும். திருவிழாக் கடை மாதிரி பத்து நாள் வேலைக்கு அட்டை சரி. அடிப்பலகைக்கு 12 மில்லிமீட்டர் பிளைவுட், மற்றதற்கு 6 மில்லிமீட்டர் போதும்.

கடைக்குக் கொண்டுபோகும் முன் ஒரு சோதனை பண்ணுங்கள். பின்னால் இருக்கும் பாக்கெட்டை எல்லாம் எடுத்துவிட்டு முன் வரிசையை மட்டும் விடுங்கள். ஒரு குழந்தை இழுப்பது போல முன்பக்கம் இழுங்கள். சாய்ந்தால் அடிப்பலகையின் பின் ஓரத்தில் எடை சேர்க்கணும். நாங்கள் உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றை அடியில் ஒட்டினோம்.

விலை எழுதுவதில் நம் பகுதிக்கென்று ஒரு விஷயம் இருக்கு. எல்லையில் இருப்பதால் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி பேசுபவர்கள் எல்லாரும் வருகிறார்கள். நாலு மொழியில் எழுதினால் பலகை நிறையும், கண்ணுக்கு ஒன்றும் நிற்காது. "₹10" என்று இரண்டு இஞ்ச் அளவில் எழுதினால் எல்லாருக்கும் புரியும். விலை கேட்கணும் என்ற நிலை வந்தாலே பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். அதனால் ஸ்டாண்டில் எல்லாம் ஒரே விலையாக வைத்தோம். கடலூர் சின்னிகிருஷ்ணன் அவர்கள் ஷாம்பூவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்த வழியில், அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பூ தொடங்கினார். கடை வாசலில் சரமாகத் தொங்கும் பாக்கெட்டில் ஒன்றைக் கிழித்துக் கொடுப்பார்கள். விலையும் அளவும் யாரும் கேட்க வேண்டியதில்லை. அது போலத்தான் இதுவும்.

கம்ப்யூட்டரில் பில் போடும் கடையில் இன்னொரு சிக்கல். நம் பாக்கெட்டில் கோடு போட்ட பார்கோடு இல்லாவிட்டால் பில் அங்கே நின்றுவிடும். பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார், பில் போடும் பையன் நம் பொருளைத் தள்ளி வைப்பான். கடைக்காரரிடம் சொன்னால் அவருடைய கம்ப்யூட்டரிலேயே நம் பொருளுக்கு ஒரு எண் போட்டுக் கொடுப்பார். அந்த எண்ணை அட்டையில் எழுதி ஸ்டாண்டின் பின்பக்கம், பில் போடுபவர் பார்க்கும்படி ஒட்டிவிடுங்கள். பாக்கெட்டின் மேல் விலை, எடை, செய்த தேதி, 14 இலக்க உணவுப் பதிவு எண் கட்டாயம் இருக்கட்டும்.

ஒரு உறுப்பினர் கூட்டத்தில் கேட்ட கேள்வியை இங்கே சொல்லணும். "நம்ம பிள்ளைகளும்தானே கடையில அழுது அடம் பிடிச்சு வாங்குது, நாமே அப்படி விற்கலாமா?" இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், பெரிய கடைகளில் பில் போடும் இடத்தில் சர்க்கரையும் கொழுப்பும் அதிகமான தின்பண்டங்களை வைக்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். கடலை மிட்டாயிலும் வெல்லம் இருக்கு. அதை மறைக்க வேண்டாம். நாங்கள் எடுத்த முடிவு: ஸ்டாண்டு மேசை மேலேதான், குழந்தை கைக்கு எட்டும் கீழ்ப் பகுதியில் தொங்கவிடுவதில்லை. பொம்மைப் படம் போடுவதில்லை.

இனி வரவு செலவு. விலை 10 ரூபாய். கடைக்காரருக்கு 2. நமக்கு வருவது 8. கடலை, வெல்லம், கேஸ், உறை, கூலி எல்லாம் 6 என்று வைத்தால் ஒரு பாக்கெட்டில் 2 ரூபாய் நிற்கும். ஸ்டாண்டு 600 ரூபாய் என்றால் 300 பாக்கெட் விற்ற பிறகுதான் அந்தப் பணம் திரும்பும். நாளைக்கு 8 போனால் 38 நாள். நாளைக்கு 3 தான் போகுதென்றால் 100 நாள். அப்போது அறுபது பாக்கெட் தீரவே இருபது நாள் ஆகும், கடைசிப் பாக்கெட் நமுத்திருக்கும். அப்படிப்பட்ட கடையில் அறுபது அடுக்காதீர்கள். ஒரு தட்டு மட்டும் நிரப்பி, மேல் தட்டைக் கழற்றிவிடுங்கள். காலியாகத் தெரியும் ஸ்டாண்டில் யாரும் கை வைப்பதில்லை.

ஒவ்வொரு தடவை போகும்போதும் நோட்டில் மூன்று எண் எழுதுங்கள்: வைத்தது, விற்றது, திரும்ப எடுத்தது. கடைக்காரர் கையெழுத்து வாங்குங்கள். மூன்று வாரம் எழுதினால் எந்தக் கடையில் ஸ்டாண்டை விடலாம், எதிலிருந்து எடுக்கலாம் என்று தெரிந்துவிடும். ஒரு கடையில் விற்பனை திடீரென்று பாதியானது. போய்ப் பார்த்தால் மேசையைத் திருப்பிப் போட்டிருந்தார்கள், நம் ஸ்டாண்டு இப்போது ஸ்கேன் அட்டைக்கு அந்தப் பக்கம் இருந்தது. கடைக்காரரிடம் கேட்டு வரிசை வரும் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு வந்தோம்.