ஓடர் வருகுது, காசு எங்கே?

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வட்ஸ்அப்பில் படம் போட்டதும் கொழும்பிலிருந்தெல்லாம் ஓடர் வருகிறதாம், ஆனால் மாத முடிவில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லையாம். உங்கள் சங்கத்தில் வடை சுடுகிறவர்களும் பெட்டி இழைக்கிறவர்களும் சாவகச்சேரிச் சந்தையிலேயே வாய்ச்சண்டை பிடித்ததை மட்டும் நீ எழுதவில்லை. அதுவும் எனக்கு வந்து சேர்ந்துவிட்டது.

விலையைக் கூட்டலாமா என்று கேட்கிறாய். பொறு பிள்ளை. வருகிற காசையெல்லாம் ஒரே டப்பாவில் போட்டு எல்லாருக்கும் சமமாய்ப் பிரிக்கிறீர்களே, அதைப் பார். தட்டை வடை ஒரு காலையில் முடிகிற வேலை. பெட்டிக்கோ சார்வை வெட்டிக் காயவைத்து, வார்ந்து, சாயம் போட்டு, பிறகுதான் இழைக்கத் தொடங்கலாம். சமபங்கு என்றால் இழைக்கிறவளுக்குத்தான் நட்டம்.

மும்பையில் லிஜ்ஜத் அப்பளத்தை 1959இல் 7 பெண்கள் 80 ரூபாய் கடனோடு தொடங்கினார்கள். அங்கே அப்பளம் இடுகிற ஒவ்வொருத்திக்கும் இட்ட நிறைக்குக் கூலி. இலாபம் பிறகு, வேறு கணக்கு. நீங்கள் கூலியையும் இலாபத்தையும் ஒன்றாய்க் குழைத்துவிட்டீர்கள்.

கொப்பியில் வடைக்கொரு பக்கம், பெட்டிக்கொரு பக்கம் திற. 40 பக்கெற் வடை, ஒன்று 250 ரூபாய் என்று வைத்துக்கொள். வரவு 10,000. உளுந்து, மா, எண்ணெய், காஸ் எல்லாம் 5,200, பையும் ஒட்டுத்தாளும் 600. சுட்ட மூன்று பேருக்கு ஆயிரம் ஆயிரமாய் 3,000. ஓடர் எடுத்துப் பொதி கட்டினவளுக்கு 400. மிச்சம் 800தான் சங்கத்தின் காசு. இப்படி எழுதினால்தான் விலை போதுமா என்று தெரியும்.

“போனில் தட்டுகிறதுக்கும் கூலியா மாமி?” என்பாய். இரவு பத்து மணிக்கு “இன்னும் வரேல்லை” என்று திட்டு வாங்குகிறவள் அவள்தானே! ஆனால் ஓடர் அவளுடைய சொந்த இலக்கத்துக்கு வரக்கூடாது. நாளைக்கு அவள் கலியாணம் கட்டி ஊரைவிட்டுப் போனால் வாடிக்கையாளரும் கூடவே போய்விடுவார்கள். சங்கத்தின் பெயரில் ஒரு சிம் எடுங்கள். காசும் சங்கத்துக் கணக்குக்கே வரட்டும், எடுப்பதற்கு இரண்டு பேர் கையெழுத்து வைக்கட்டும். சிட்டையைப் படம் பிடித்து அனுப்பினார்கள் என்று பொதியை பஸ்ஸில் ஏற்றாதே. வங்கிக் கணக்கில் காசு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற்று.

நான் விட்ட பிழையையும் சொல்கிறேன், சிரிக்காதே. ஒரு கலியாண வீட்டுக்கு 50 பெட்டி பத்து நாளில் தருவதாக, இழைக்கிறவர்களைக் கேளாமலே போனில் சொல்லிவிட்டேன். அது மாரிகாலம், சார்வு காயவில்லை. பாதியைத்தான் கொடுக்க முடிந்தது, முற்பணத்தில் பாதியைத் திருப்பினோம். அதற்குப் பிறகு, இழைக்கிறவள் நாள் சொல்லாமல் நான் ஒருத்தருக்கும் நாள் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கொப்பியோடு வா. வரும்போது எனக்கு இரண்டு பக்கெற் வடை. மாமிக்குத்தானே என்று சும்மா எடுத்து வராதே, பக்கத்தில் எழுதிவிட்டு வா.

அன்புடன்,
மாமி