மணமகளின் படம் எங்கே போகிறது?

கேள்வி: பத்து பாகாட்டில் கல்யாண ஏற்பாட்டுத் தொழில் செய்கிறேன். மணமக்களின் படத்தை ஏஐ செயலியில் ஏற்றி, கூறைப் புடவையிலும் பட்டு வேட்டியிலும் எப்படி இருப்பார்கள் என்று முன்கூட்டியே காட்டுகிறேன். ஒரு மணமகளின் அப்பா, "படத்தை என்ன செய்கிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்" என்கிறார். கடிதம் தமிழில் இருந்தால் போதுமா? வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியதே சம்மதம்தானே?
– வாசகி, பத்து பாகாட்

பதில்: இரண்டுக்குமே பதில் 'இல்லை'. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன் 7-ஆம் பிரிவுப்படி அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். தமிழ்க் கடிதத்தை அவற்றோடு சேர்த்துக் கொடுங்கள். அப்பா படிக்கப் போவது அதைத்தான்.

சம்மதத்துக்கு வருவோம். 2024-இல் திருத்தப்பட்ட இந்தச் சட்டம், உடல் அடையாளங்களைத் தொழில்நுட்பத்தால் அலசிப் பெறும் தரவையும் வெளிப்படையான சம்மதம் தேவைப்படும் உணர்திறன்மிக்க தரவாகச் சேர்த்துவிட்டது. முகத்தையும் உடல்வாகையும் அளந்து புடவை உடுத்திக் காட்டும் செயலி அந்த வரையறைக்குள் வராது என்று வாதாடலாம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்த வாதத்தை நம்பி இறங்கமாட்டேன். வெளிப்படையான சம்மதத்தைக் கையெழுத்தாகவே வாங்குங்கள், அதுவும் ஒப்பந்தத்தின் மற்ற நிபந்தனைகளோடு கலக்காமல் தனியாக. மணமகனும் மணமகளும் அவரவர் கையெழுத்துப் போட வேண்டும். வயது வந்த மகளுக்காக அப்பா போடும் கையெழுத்து செல்லாது. பூக்கூடை ஏந்தி வரும் சிறுமிக்கும் உடை பார்ப்பதானால், 18 வயதாகாததால் அங்கே பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

கடிதத்தின் மையப் பகுதி இப்படி இருக்கலாம்:

"நீங்கள் ஒவ்வொருவரும் தரும் இரண்டு முழு உருவப் படங்களை, வெளிநாட்டு நிறுவனமான ______ நடத்தும் செயலியில் ஏற்றி, நீங்கள் தேர்ந்தெடுத்த மூன்று உடைகளுக்கு மாதிரிப் படம் தயாரிப்போம். வேறெதற்கும், எங்கள் விளம்பரத்துக்கும்கூட, பயன்படுத்தமாட்டோம். உடை முடிவானதிலிருந்து 14 நாளுக்குள் எங்கள் கைப்பேசி, கணினி, செயலிக் கணக்கு மூன்றிலிருந்தும் அழிப்போம்."

இதை அனுப்பும் முன் செயலியின் விதிமுறையைப் படியுங்கள். நீங்கள் அழித்த பிறகும் படத்தை வைத்துக்கொள்வோம், எங்கள் மென்பொருளைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்துவோம் என்று அதில் இருந்தால், மேலே உள்ள வாக்குறுதி பொய்யாகிவிடும். அப்போது செயலியை மாற்றுங்கள், அல்லது உள்ளதை உள்ளபடி எழுதிச் சம்மதம் கேளுங்கள். சட்டத்தின் தரவுக் கோட்பாடுகளை மீறினால் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

அப்பா கேட்காத ஒன்றையும் எழுதுங்கள். படத்தில் அரக்காகத் தெரிந்த புடவை கையில் வரும்போது மிளகாய்ச் சிவப்பாக இருக்கலாம். செயலி விழவைத்த மடிப்பு நிஜப் பட்டில் விழாமல் போகலாம். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இன்படி பொருள், காட்டிய மாதிரிக்கும் சொன்ன விவரிப்புக்கும் ஒத்திருக்க வேண்டும். 'நாங்கள் பொறுப்பல்ல' என்ற ஒற்றை வரியால் அந்தக் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆகவே, "இந்தப் படம் யோசனைக்கு மட்டுமே, நிறமும் நெசவும் கடையில் துணியைத் தொட்டுப் பார்த்த பின்னரே முடிவாகும்" என்று எழுதி, அப்படியே துணியைக் காட்டிய பிறகு முன்பணம் வாங்குங்கள்.

மணமகள் பிறகு மனம் மாறிச் சம்மதத்தை எழுத்தில் திரும்பப் பெற்றால், 38-ஆம் பிரிவுப்படி அவர் படத்தைக் கையாள்வதை நிறுத்தியாக வேண்டும். அந்தக் கடிதத்தை எந்த முகவரிக்கு அனுப்புவது என்பதையும் உங்கள் கடிதத்தின் அடியில் போட்டுவிடுங்கள்.