அம்மா குரலும் மகள் குரலும்

கேள்வி: கூடத்தில் ஒரே ஸ்பீக்கர். என் குரல், மகள் குரல், மாமனார் குரல் மூன்றையும் பதிந்திருக்கிறோம். “நாளைக்கு எனக்கு என்ன வேலை?” என்று நான் கேட்டால், மகளின் தேர்வு நேரத்தைச் சொல்கிறது. ஏன்?
– வாசகி, திருவையாறு

பதில்: போனில் “ஹலோ” என்றதும் உங்களை மகளென்று நினைத்துப் பேசிய உறவினர் யாராவது இருப்பார்களே! அதே குழப்பம்தான். ஸ்பீக்கர் குரலின் சாயலைப் பதிவோடு ஒப்பிட்டு, யாருக்கு நெருக்கம் என்று கணிக்கிறது. தாய்க்கும் மகளுக்கும் சாயல் ஒன்றாக இருந்தால் கணிப்பு தவறலாம்.

கூகுள் ஸ்பீக்கர் என்றால் ஆறு பேர் வரை பதியலாம். ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் போனில், தத்தம் கணக்கில் Google Home செயலியைத் திறந்து, Voice Match பகுதியில் பதிய வேண்டும். மகளின் போனில் உங்கள் குரலைப் பதிந்திருந்தால், அவளுடைய நாள்காட்டிதான் வரும். முதலில் அதைப் பாருங்கள். பிறகு இருவரும் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வழக்கமாகப் பேசும் குரலிலேயே மறுபடி பதியுங்கள். “Who am I?” என்று கேட்டால் யாரென்று நினைக்கிறது எனத் தெரியும்.

மாமனார் வெற்றிலைச் சீவலை ஒதுக்கிக்கொண்டு பேசினால் அடையாளம் தெரியாமல் போகலாம். அப்போது அவரை விருந்தாளியாக நினைத்துப் பொதுப் பதில் மட்டும் சொல்லும், பாதகமில்லை.

குரல் அடையாளம் பூட்டு அல்ல. ஒத்த குரலோ ஒலிப்பதிவோ அதை ஏமாற்றலாம். கூடத்தில் கேட்கக் கூடாத விஷயம் இருந்தால், மகளின் கணக்கில் Personal results-ஐ அணைத்துவிடுங்கள்.