'வென்ட்' மறந்துபோனதா?

கேள்வி: மூன்று வயது மகள் முன்பு 'வென்ட்' என்று சரியாகச் சொன்னாள். இப்போது 'கோஎட்' என்கிறாள். தமிழில் 'நானுக்கு' வேறு! இரண்டு மொழியும் குழம்பிவிட்டதா? (வாசகி, ஹாரோ, லண்டன்)

பதில்: இல்லை அம்மா. ஒரே மொழி பேசும் பிள்ளைகளும் இப்படித்தான் சொல்கிறார்கள். முதலில் 'வென்ட்' தனிச்சொல்லாக மனத்தில் பதிந்தது. பிறகு இறந்தகாலத்துக்கு '-எட்' சேர்க்கும் விதி பிடிபட்டது. மனப்பாடச் சொல் நினைவுக்கு வரத் தாமதித்தால் விதி முந்திக்கொள்கிறது. 'எனக்கு' வர வேண்டிய இடத்தில் 'நானுக்கு' வருவதும் அதனால்தான்.

'வென்ட்' உண்மையில் 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். 'கோ'வுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. அடிக்கடி புழங்குவதால் நிலைத்தது. அரிதான சொல்லென்றால் என்றோ விதிக்குள் போயிருக்கும்.

மனப்பாடமும் விதியும் மூளையில் தனித்தனியா? இதை அறிய உங்கள் ஊர் பர்க்பெக் கல்லூரியின் மார்ஸ்லன்-வில்சனும் லொரெய்ன் டைலரும் 1997-இல் மூளை பாதிக்கப்பட்டவர்களைச் சோதித்தார்கள். 'ஜம்ப்ட்' கேட்டவுடன் 'ஜம்ப்' வந்தால் நாம் அதைச் சட்டென்று அடையாளம் காண்போம். சிலருக்கு இந்த உதவி விதிக்குட்பட்ட சொற்களில் கிடைக்கவில்லை, 'கேவ்'-'கிவ்' போன்றவற்றில் கிடைத்தது. இன்னொருவருக்கு நேர்மாறு. ஆக, இரண்டும் மூளையில் ஒரே வழியில் நடப்பதில்லை என்றார்கள். ஒரே வலைப்பின்னலில் ஒலிப்பகுதியோ பொருட்பகுதியோ பழுதானாலும் இதே விளைவு வரும் என்று வாதிடுவோரும் உண்டு. வழக்கு இன்னும் முடியவில்லை.

மகளைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். 'ஓ, நீ பார்க்குக்கு வென்ட்டா?' என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள், போதும்.