விளியும் தொடக்கமும்

நுழையும்முன்

மடலைப் பெறுபவர் முதலில் படிப்பது விளியை. அடுத்துப் படிப்பது தொடக்க வரியை. எழுதியவர் தமக்கு யார், தம்மிடம் எந்த உரிமையோடு பேசுகிறார் என்பதை அவ்விரண்டிலேயே அவர் கண்டுகொள்கிறார். உறவு இன்று எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையையே தொடக்கம் காட்ட வேண்டும். இல்லாத நெருக்கத்தைக் காட்டினாலும் இருக்கும் நெருக்கத்தை மறைத்தாலும் மடல் தன் நோக்கத்தை இழக்கும். ஒரே இருவரிடையே பல ஆண்டுகளாகச் செல்லும் மடல்களைக் கொண்டு இதனை இப்பாடம் விளக்குகிறது.

பழைய மடல் ஒன்றின் அமைப்பு

பதினோராம் திருமுறையின் முதலில் இடம்பெற்றிருப்பது திருமுகப் பாசுரம். மதுரை ஆலவாய் இறைவன், பாணபத்திரர் என்னும் யாழிசைக் கலைஞர்க்குப் பொருளுதவி வேண்டிச் சேரமான் பெருமாளுக்கு விடுத்த மடலாக அது போற்றப்படுகிறது. முன்பின் அறியாத ஒருவரை மற்றொருவரிடம் அறிமுகம் செய்யும் மடல் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு அது சிறந்த சான்று.

அம்மடலில் வேண்டுகோள் முதலில் வருவதில்லை. எழுதுபவர் எவ்வூரினர், யார் என்பது முதலில் கூறப்படுகிறது. அடுத்து, மடலைப் பெறும் அரசனின் கொடைச்சிறப்புக் கூறப்படுகிறது. அதன்பின் மடலைக் கொண்டுவருபவர் யார், அவருடைய கலை யாது, அவர் எழுதியவர்க்கு எத்தகைய அன்பர் என்பன சொல்லப்படுகின்றன. பொருள் கொடுத்து அனுப்புக என்னும் வேண்டுகோள் இறுதியில்தான் வருகிறது. பெறுபவர் மனத்தில் எழும் வினாக்கள் எழும் வரிசையிலேயே விடைகளும் அமைந்துள்ளன. இன்றைய அறிமுக மடலுக்கும் இவ்வரிசை பொருந்தும்.

முதல் மடல்

திண்டிவனத்தில் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி, தன் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றச் செயலர் என்று கொள்வோம். விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் அமைத்த குடைவரைக் கோயிலைக் காண மன்றத்தினர் செல்லவிருக்கின்றனர். விழுப்புரத்தில் வாழும் கல்வெட்டு ஆய்வாளர் ஒருவரை அங்கு வந்து விளக்குமாறு வேண்ட நினைக்கிறாள். அவரை அவள் நேரில் அறியாள். அவள் முதலில் எழுதிய வரைவு இது:

“அன்புள்ள ஐயா, நலம், நலமறிய ஆவல். நம் மன்றத்தின் சார்பில் உங்களை மண்டகப்பட்டுக்கு அழைக்கிறோம். தாங்கள் அவசியம் வர வேண்டும்.”

இவ்வரைவில் பிழையான சொல் ஒன்றும் இல்லை. ஆயினும் ஆய்வாளர் இதனைப் படித்ததும், எழுதியவர் யார் என்று தேடுவார். ‘அன்புள்ள’ என்பது முன்பே பழகியவர்க்கு உரியது. ‘நலமறிய ஆவல்’ என்பது, நெடுநாள் காணாத உறவினர்க்கும் நண்பர்க்கும் எழுதுவது. முன்பின் அறியாதவரிடம் அது வெறும் சடங்காகிவிடும்.

‘நம் மன்றம்’ என்பதில் நுட்பமான தவறு ஒன்று உள்ளது. தமிழில் தன்மைப் பன்மை இருவகையாக வழங்குகிறது. ‘நாம்’ என்பது கேட்பவரையும் உள்ளடக்கும். ‘நாங்கள்’ என்பது அவரை உள்ளடக்காது. ஆய்வாளர் அம்மன்றத்தைச் சேர்ந்தவர் அல்லர். எனவே ‘நம் மன்றம்’ என்பது அவரைக் கேளாமலே அவரை உறுப்பினராக்கிவிடுகிறது. ‘எங்கள் மன்றம்’ என்பதே பொருந்தும்.

முன்னிலைச் சொல்லும் நிலையாக இல்லை. ‘உங்களை’ என்று தொடங்கித் ‘தாங்கள்’ என்று முடிகிறது. ‘தாங்கள்’ மிக்க மதிப்பையும் ‘நீங்கள்’ இயல்பான மதிப்பையும் குறிக்கும். எதனை மேற்கொண்டாலும் இறுதிவரை அதனையே தொடர வேண்டும். ‘அவசியம் வர வேண்டும்’ என்பது, வரவியலாத நிலையில் மறுப்பதற்கு அவர்க்கு இடம்தரவில்லை.

திருத்திய மடல் இவ்வாறு அமைந்தது:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் திண்டிவனத்தில் பதினொன்றாம் வகுப்புப் பயில்கிறேன். எங்கள் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றச் செயலராக உள்ளேன். மண்டகப்பட்டைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையை எங்கள் தமிழாசிரியர் வகுப்பில் படித்துக் காட்டினார். தங்கள் முகவரியையும் அவரே தந்தார். வரும் மாதம் எங்கள் மன்றத்தினர் நாற்பது பேர் அக்கோயிலைக் காணச் செல்கிறோம். அங்கு ஒரு மணி நேரம் எங்களுக்கு விளக்கமளிக்கத் தங்களுக்கு இயலுமா என அறிய விழைகிறேன்.”

எழுதுபவர் யார், பெறுபவரை எவ்வாறு அறிந்தார், முகவரி எவ்வழிக் கிடைத்தது, வேண்டுவது எவ்வளவு என்பன முறையே வந்துள்ளன. ஆய்வாளரின் கட்டுரையைக் குறிப்பிட்டதே போதிய பாராட்டாக அமைந்துவிட்டது; ‘ஒப்பற்ற பேரறிஞரே’ போன்ற அடைமொழிகள் தேவைப்படவில்லை.

பெறுபவர் ஆணா பெண்ணா என்று தெரியாதபோது, பெயரின் முன்னெழுத்தைக் கொண்டு ஊகித்தல் கூடாது. ‘ஐயா / அம்மையீர்’ என எழுதுதல் முறை.

இரண்டாம் மடல்

இரண்டு வாரமாகியும் விடை வரவில்லை எனில் மீண்டும் எழுதலாம். “ஏன் விடை எழுதவில்லை?” என்னும் பொருள்படத் தொடங்கினால் அது குற்றச்சாட்டாகும். “மண்டகப்பட்டுப் பயணம் குறித்து இம்மாதம் 3ஆம் நாள் தங்களுக்கு எழுதியிருந்தேன்” என்று தொடங்கினால் அது நினைவூட்டலாகும். நாளையும் பொருளையும் குறிப்பிடுவதால், முன்மடல் கைக்கு வராதிருந்தாலும் அவர் செய்தியை அறிந்துகொள்வார்.

ஆய்வாளர் விடை எழுதினார். “அன்புள்ள மாணவிக்கு” என்று அவர் தொடங்கியிருந்தார். இங்கு உறவு ஒரு படி நெருங்குகிறது. அப்படியை முதலில் எடுத்து வைத்தவர் மூத்தவர். நம் வழக்கில் நெருக்கத்தைத் தொடங்கும் உரிமை பெரும்பாலும் மூத்தவரிடமே உள்ளது. இளையவர் அதனை ஏற்கலாம். ஆனால் அதே அளவில் திருப்பித் தரவேண்டியதில்லை. மாணவி, “அன்பும் மதிப்பும் நிறைந்த ஐயா அவர்களுக்கு, வணக்கம். தங்கள் மடல் நேற்றுக் கிடைத்தது” என்று எழுதினாள். ‘அன்பு’ புதிதாக வந்தது, ‘மதிப்பு’ போகவில்லை. தன்னை மீண்டும் அறிமுகம் செய்துகொள்ளாமல் அவர் மடலிலிருந்தே தொடங்கினாள்.

பயணத்திற்குப் பின் எழுதிய நன்றி மடலில் தொடக்க வரி மேலும் மாறியது: “செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய நான்கும் இன்றி அமைத்த கோயில் என்று கல்வெட்டு கூறுவதைத் தாங்கள் விரல்விட்டு எண்ணிக் காட்டியதை எங்கள் மன்றத்தினர் இன்னும் பேசிக்கொண்டிருக்கின்றனர்.” பொதுவான நன்றியை எவருக்கும் எழுதலாம். இருவரும் உடனிருந்து கண்ட ஒன்றைக் கூறும் வரியை அவருக்கு மட்டுமே எழுத இயலும்.

நெடுநாள் உடன்பணியாளர்

பதினைந்து ஆண்டுகள் கடந்தன என்று கொள்வோம். அம்மாணவி கல்வெட்டியல் பயின்று, விழுப்புரத்தில் அதே ஆய்வாளருடன் பணியாற்றுகிறார். இப்போது அவர் எழுதுவது:

“ஐயா, வணக்கம். தளவானூர் மைப்படிகளுள் மூன்றாவதில் எனக்கு ஐயம் உள்ளது. சனிக்கிழமை நாம் மீண்டும் பார்க்கலாமா?”

அடைமொழி இல்லை, அறிமுகம் இல்லை, செய்தி உடனே தொடங்குகிறது. முதல் மடலில் இவ்வாறு எழுதியிருந்தால் மரியாதைக் குறைவாகியிருக்கும். இன்று இச்சுருக்கமே நெடுநாள் பழக்கத்தின் அடையாளம். முதல் மடலில் தவறாக இருந்த ‘நாம்’ இங்கு உரிமையோடு வந்துள்ளது. ‘ஐயா’ மட்டும் மாறவில்லை. பணியில் இருவரும் இணையானாலும் அகவை வேறுபாடு நீங்குவதில்லை. ஒத்த அகவையுடைய தோழிக்கு அவர் எழுதினால் பெயரைச் சொல்லியே விளித்திருப்பார்.

நெடுநாள் உறவில் விளி மாறினால் அம்மாற்றமே செய்தியாகிவிடும். எப்போதும் ‘ஐயா, வணக்கம்’ என்று எழுதுபவர் ஒருநாள் ‘பெருமதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு’ என்று தொடங்கினால், “நான் என்ன பிழை செய்தேன்?” என்றே பெறுபவர் எண்ணுவார். மதிப்புச் சொல் மிகும்போது இங்கு விலக்கமே தோன்றுகிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அந்த ஆய்வாளரே அலுவலகத் தலைவராக இருந்து, அவரிடம் களப்பணிக்கு இசைவு வேண்டும்போது, அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் என்னும் அலுவலக முறையிலேயே விண்ணப்பம் அமைய வேண்டும். அவ்விண்ணப்பம் கோப்பில் இடம்பெறும். இருவரையும் அறியாத பிறரும் பின்னாளில் அதனைப் படிப்பர். ஆதலால் “அன்று பேசியவாறு” என்று அதில் தொடங்குதல் கூடாது. எந்நாளில் எதைப் பேசினர் என்பதை விளங்க எழுத வேண்டும். ஒரே நாளில் ஒரே பெரியவர்க்கு இருவேறு தொடக்கங்களில் எழுதுவது முரண்பாடு ஆகாது. ஒன்று அவர்க்கும் மற்றொன்று அவர் வகிக்கும் பொறுப்புக்கும் எழுதப்படுவது.

தெரிந்து தெளிவோம்

மடலின் தொடக்கம் இருவகை வேற்றுமைகளில் அமையும். ‘நண்பரே’, ‘ஐயா’ என அழைப்பது எட்டாம் வேற்றுமையாகிய விளி. ‘நண்பருக்கு’ என எழுதுவது நான்காம் வேற்றுமை. மு. வரதராசனாரின் மடல் இலக்கியங்களான அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு ஆகிய நான்கும் நான்காம் வேற்றுமையில் பெயர் பெற்றவை. விளி எதிரில் நிற்பவரை அழைப்பது போன்றது. நான்காம் வேற்றுமை மடலை அவர் கையில் சேர்ப்பது போன்றது. ஒரு தொடக்கத்தில் ஒன்றே வரவேண்டும். ‘நண்பரே அவர்களுக்கு’ என இரண்டையும் கலத்தல் பிழை. ‘ஐயா’, ‘அம்மா’ என்னும் விளிகள் வழக்கில் பெயர்ச்சொற்களாகவே நிலைபெற்றுவிட்டமையால், ‘ஐயா அவர்களுக்கு’ என்பது ஏற்கப்படுகிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் விளி ஏற்கும் முறைகளைக் கூறவே ‘விளிமரபு’ என்னும் தனி இயல் உள்ளது.

மதிப்பீடு

குறுவினா
1. ‘எங்கள் பள்ளி’, ‘நம் பள்ளி’ – இவற்றுள் முன்பின் அறியாதவர்க்கு எழுதும் மடலில் வரவேண்டியது எது? ஏன்?
2. ‘நண்பரே அவர்களுக்கு’ என்னும் தொடக்கத்தின் பிழையைச் சுட்டுக.

சிறுவினா
3. திருமுகப் பாசுரத்தில் செய்திகள் அமைந்துள்ள வரிசையை விளக்குக.
4. நெடுநாள் பழகியவரிடம் மதிப்புச் சொற்கள் மிகுவது விலக்கமாகத் தோன்றுவது ஏன்?

கற்பவை கற்றபின்
5. உங்கள் பகுதி நூலகருக்கு, நீங்கள் அவரை அறியாத நிலையில் ஒரு மடலும், ஓராண்டு பழகிய பின் ஒரு மடலும் எழுதுக. இரண்டின் தொடக்கங்களிலும் மாறிய சொற்களை அடிக்கோடிட்டு, மாற்றத்தின் காரணத்தை வகுப்பில் கூறுக.