பிரெஞ்சில் ‘கொடு’, ‘கொடுக்காதே’: அக்காவின் 4 டிப்ஸ்

ப்ளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுத்திருக்கிற தங்கச்சிகளே, ‘அதை எனக்குக் கொடு’ என்பதற்கு ‘தொன்-ல-முவா’. ‘கொடுக்காதே’ என்றால் ‘ந ம ல தொன் பா’. தமிழில் வினையின் கடைசிப் பகுதி மட்டும் மாறுகிறது. பிரெஞ்சில் வரிசையே மாறிவிடுகிறது. அதை இப்படிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் வினையின் இடத்தைப் பாருங்கள்
‘செய்’ என்றால் வினை முன்னால் வரும். பிரதிப்பெயர்கள் அதற்குப் பின்னால், இடையில் சிறு கோடு போட்டு வரும். ‘செய்யாதே’ என்றால் அவை வினைக்கு முன்னால் போய்விடும், கோடும் கிடையாது. ‘ந’, ‘பா’ இரண்டும் அந்த மொத்தக் கூட்டத்துக்கும் இரு பக்கம் காவல் நிற்கும்.

2. ‘ம’ எப்போது ‘முவா’ ஆகும்?
பிரெஞ்சில் அழுத்தம் கடைசி அசையில் விழும். ‘ம’ வலுவில்லாத சொல், அந்த அழுத்தத்தைத் தாங்காது. அதனால் கட்டளையின் கடைசியில் வரும்போது ‘முவா’ ஆகிறது. ‘த’வும் இப்படித்தான் ‘துவா’ ஆகும். மறுப்பில் அது நடுவில் நிற்பதால் ‘ம’வாகவே இருக்கும்.

3. எல்லாம் தலைகீழாகாது
‘செய்’ வாக்கியத்தில் எப்போதும் ‘அதை’ முதலில், ‘யாருக்கு’ பிறகு. ‘செய்யாதே’ வாக்கியத்தில் ‘எனக்கு, உனக்கு, நமக்கு, உங்களுக்கு’ ஆகியவை ‘அதை’க்கு முன்னால் வரும். ‘அவனுக்கு, அவளுக்கு, அவர்களுக்கு’ மட்டும் பின்னாலேயே இருக்கும்.

ஒரு கேள்வியைப் போட்டுப் பார்ப்போம். ‘கடிதத்தை அவளுக்கு அனுப்பு.’ கடிதம் பெண்பால், எனவே ‘லா’. அவளுக்கு என்பது ‘லுயி’ (அவனுக்கும் அதே சொல்தான்). விடை: ‘ஆன்வுவா-லா-லுயி’. மறுப்பு: ‘ந லா லுயி ஆன்வுவா பா’. லா, லுயி வரிசை மாறவே இல்லை. வினை மட்டும் பின்னால் போயிருக்கிறது. பல பேர் ‘ம ல’ பழக்கத்தில் இங்கேயும் ‘லுயி லா’ என்று திருப்பி எழுதி மார்க் இழக்கிறார்கள்.

4. காணாமல் போன ‘எஸ்’ திரும்பி வரும்
‘போ’ என்பது ‘வா’. எழுத்தில் ‘எஸ்’ கிடையாது. ‘அங்கே போ’ என்று ‘இ’யைச் சேர்த்தால் உச்சரிப்பு வசதிக்காக ‘எஸ்’ வந்து, ‘வாஸி’ என்று ஒலிக்கும். ‘அங்கே போகாதே’ என்றால் ‘நி வா பா’. ‘இ’ முன்னால் போய்விட்டதால் ‘எஸ்’ஸுக்கு வேலை இல்லை.

பேச்சில் பிரெஞ்சுக்காரர்கள் ‘ந’வை விட்டுவிட்டு ‘ம ல தொன் பா’ என்றே சொல்வதைக் கேட்பீர்கள். காதுக்குத் தெரிந்திருக்கட்டும். பரீட்சைத் தாளில் ‘ந’வை எழுதியே ஆக வேண்டும். எழுதி முடித்ததும் இரண்டைச் சரிபாருங்கள்: ‘செய்’ வாக்கியத்தில் கோடு இருக்கிறதா, ‘செய்யாதே’ வாக்கியத்தில் கோடு இல்லாமல் இருக்கிறதா?